பதினேழாம் நம்பர் சாவி

பூட்டு வாங்கலாம் என்று சொன்னது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வருகிற எதற்கும் வேறு யார் மீதும் பழி போட எனக்கு வழியிருக்கக் கூடாது.

எண்பதுகளின் கடைசியில் இரும்புலியூரில் ஒரு மாடிப் போர்ஷனில் நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து குடியிருந்தோம். எனக்கு வயது முப்பத்தைந்து. எழும்பூரில் ஒரு அரசாங்க ஆபீசில் கிளார்க். கல்யாணம் ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களை முறைத்தே அனுப்பிவிடுவேன். இரண்டாமவள் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், திருச்சிப் பக்கத்துப் பெண். மூன்றாமவள் படப்பைக்காரி. ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கிற கம்பெனியில் மெஷினில் உட்காருகிறவள், இருபத்திரண்டு வயது. காலை ஆறு மணி ஷிப்டுக்குப் படப்பையிலிருந்து பஸ் பிடித்து வர முடியாது. அதனால்தான் அவள் அப்பா, "அக்காவும் டீச்சரும் கீறாங்க, நல்ல வூடு" என்று மனசைத் தேற்றிக்கொண்டு எங்களிடம் விட்டிருந்தார். அந்த நல்ல வீடு இல்லையென்றால் அவளுக்கு வேலையும் இல்லை. இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

வீட்டுக்கார அம்மா கீழே குடியிருந்தார். அவர் கணவர் ஏதோ ஆபீஸ் ஏலத்தில் எடுத்த பழைய மரப்பெட்டி ஒன்றை எங்கள் அறையில் போட்டு வைத்திருந்தார். ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று டிராயர்கள். மேலே படப்பைக்காரி, நடுவில் டீச்சர், அடியில் நான் என்று பங்கு பிரித்துக்கொண்டோம். மூட்டு வலி இல்லாத காலம், குனிவது பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் பூட்டு எதிலும் இல்லை. அவள் சீப்பு இவள் கைக்கும் இவள் பவுடர் அவள் முகத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. "இது சரிப்படாது, ஆளுக்கொரு பூட்டு போட்டுக்குவோம், மனஸ்தாபம் வராது" என்றேன். மனஸ்தாபம் வராது என்று சொன்ன வாயை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிகிறது.

ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் மார்க்கெட்டில் ஒரு ஹார்டுவேர் கடை. டிராயருக்கு வைக்கிற உருளைப் பூட்டு கேட்டேன். கட்டைவிரல் தடிமனில் இருக்கும். பலகையில் துளை போட்டு முன்னாலிருந்து நுழைத்து, பின்னால் நட்டைப் போட்டு முறுக்க வேண்டும். அதற்கும் பின்னால் ஒரு தகட்டு நாக்கு. சாவியைக் கால் சுற்று திருப்பினால் நாக்கு நிமிர்ந்து சட்டத்துக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும், டிராயர் வராது. அவ்வளவுதான் அதன் சூட்சுமம். கடைக்காரர் ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்து என் முன்னால் தள்ளினார்.

"யம்மா, சாவில நம்பர் கீது பாரு. மூணும் வேற வேற நம்பரா பாத்து எடுத்துக்க. மலிவு சரக்கு, ஒரே நம்பர் நாலு தபா வரும்."

"சரி சரி" என்றேன். மணி எட்டரை. எட்டு நாற்பது வண்டியை விட்டால் ஆபீசில் சிவப்பு மையில் கையெழுத்துப் போட வேண்டும். மேலாக இருந்த மூன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். பார்க்கவில்லை. கண் இருந்தது, கண்ணாடியும் இருந்தது, சொல்லிக் கொடுத்த ஆளும் எதிரே இருந்தார். பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு தச்சர் வந்து துளை போட்டார். பூட்டின் உடம்பில் இரண்டு பக்கம் தட்டையாக இருக்கும். துளையையும் அதே மாதிரி தட்டையாக அறுத்தால்தான் பூட்டு உள்ளே சுற்றாமல் நிற்கும். அவர் நேரமில்லை என்று வட்டமாகவே துளைத்துவிட்டு, "நட்டு இறுக்கினா போதும், நிக்கும்" என்று போய்விட்டார். நின்றது. பூட்டின் நம்பர் அதன் பின்பக்கத்து உடம்பில்தான் குத்தியிருந்தது. பலகைக்குள் போன பிறகு யார் கண்ணுக்கும் தெரியாது.

ஒவ்வொரு பூட்டுக்கும் இரண்டு சாவி. அதற்கும் ஒரு சட்டம் போட்டேன், சட்டம் போடுவது எனக்குப் பிடிக்கும். இரண்டாவது சாவியை ஒருவர் மற்றவரிடம் கொடுத்து வைக்க வேண்டும். தொலைந்து போனால் டிராயரை உடைக்க வேண்டியிருக்காது. டீச்சர் சாவி படப்பைக்காரியிடம், படப்பைக்காரி சாவி டீச்சரிடம். என்னுடையதை மட்டும் ஆபீஸ் மேஜையில் வைத்துக்கொண்டேன். பெரியவள் இல்லையா? அவர்களும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் காலையில், குழாயில் தண்ணீர் நின்றுபோன எரிச்சலில் வீட்டுக்கார அம்மாவைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்து சாவியைப் போட்டேன். திறந்தது. உள்ளே இருந்த பவுடர் டப்பா என்னுடையது இல்லை. நான் அடி டிராயரை விட்டு நடு டிராயரில் சாவியைப் போட்டிருந்தேன்.

மூடினேன். மறுபடி போட்டுப் பார்த்தேன். வெண்ணெயாகத் திரும்பியது. மேல் டிராயரில் போட்டேன், அது அசையவில்லை. அப்போதுதான் கடைக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. என் சாவியில் பதினேழு. டீச்சருடையதும் பதினேழாகத்தான் இருக்கும்.

சாயங்காலம் சொல்லிவிடலாம், இரண்டு பேரும் சிரிக்கலாம், ஒன்றை மாற்றிவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் ரயிலேறினேன். சாயங்காலம் டீச்சருக்குத் தலைவலி. மறுநாள் எனக்கு ஆடிட். மூன்றாம் நாள் வீட்டில் யாரும் இல்லை. நான் நடு டிராயரைத் திறந்தேன்.

கடிதங்கள் இருக்கின்றன என்று முதல் நாளே பார்த்துவிட்டேன். ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு, எல்லாம் பள்ளிக்கூட விலாசத்துக்கு வந்தவை. வடக்கே எங்கோ வேலையில் இருந்த ஒருவன் எழுதியது. வேறு சாதிக்காரன். திருச்சியில் தெரிந்தால் டீச்சரை வேலையிலிருந்து நிறுத்தி வீட்டோடு உட்கார வைத்துவிடுவார்கள். இதையெல்லாம் அந்தக் கடிதங்களிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

எதற்குப் படித்தேன் என்று பல வருஷம் என்னையே கேட்டிருக்கிறேன். கெட்ட எண்ணம் இல்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். பொறாமைதான். எனக்கு வந்த கடிதங்கள் எல்லாம் பிராவிடண்ட் பண்டிலிருந்து வந்தவை. அந்த ஆள் பெரிதாக எதுவும் எழுதவில்லை. மெஸ்ஸில் பருப்பு தண்ணீராக இருக்கிறது, குளிருக்கு இரண்டு சாக்ஸ் போட்டுக்கொள்கிறேன், நீ எழுதும் 'ழ' மட்டும் எப்போதும் ஒரு பக்கம் சாய்கிறது, ஏன்? இப்படித்தான். அதைப் படித்த மறுநாள் ஆபீஸ் ரிஜிஸ்தரில் என்னுடைய 'ழ' எப்படி நிற்கிறது என்று பார்த்தேன். நேராகத்தான் நின்றது. யாரும் அதைக் கேட்கப் போவதில்லை என்று எனக்குக் கோபம் வந்தது.

வாரத்துக்கு ஒரு கடிதம் வரும். புதுக் கடிதம் வந்த அன்று டீச்சர் குழம்பில் உப்பு போட மறப்பாள். படப்பைக்காரி அவளைக் கிண்டல் பண்ணுவாள். "இன்னாக்கா, தபால்காரரு வந்தாரா?" என்று கண்ணடிப்பாள். அவளுக்கு எல்லாம் தெரியும், டீச்சரே சொல்லியிருந்தாள். இரண்டு பேரும் மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசிச் சிரிப்பது எனக்குக் கேட்கும். நான் வந்தால் பேச்சு நின்றுவிடும். பெரியவள் இல்லையா?

இப்படி நாலைந்து மாதம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டீச்சர் கோயிலுக்குப் போயிருந்தாள். படப்பைக்காரி ஓவர்டைம். நான் இரண்டு கடிதங்களைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. மடித்தேன், உறைகளில் திணித்தேன், ரப்பர் பேண்டைப் போட்டேன், பூட்டினேன். வந்தது வீட்டுக்கார அம்மா, கறிவேப்பிலை கேட்டு.

அன்று மத்தியானம் டீச்சர் டிராயரைத் திறந்தாள். கட்டைப் பிரித்து ஒவ்வொரு உறையாகப் பார்த்தாள். பிறகு சாப்பிட்டாள், துணி மடித்தாள். நாலு மணிக்குப் படப்பைக்காரி வந்து முகம் கழுவியதும் டீச்சர் கேட்டாள்.

"என் டிராயரைத் திறந்தியா?"

"எதுக்குக்கா?"

"லெட்டரெல்லாம் மாறிக் கிடக்கு. இந்த மாசத்து லெட்டர் போன மாசத்துக் கவர்ல இருக்கு. நான் அப்படி வைக்க மாட்டேன்னு உனக்கே தெரியும்."

படப்பைக்காரிக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் சிரித்தாள். "நான் எதுக்குக்கா படிக்கப்போறேன்? நீ எங்கிட்ட சொல்லாத விஷயம் அதுல இன்னா கீது?"

"சொல்றது வேற, படிக்கிறது வேற. இன்னொரு சாவி உன்கிட்டதானே இருக்கு? அப்புறம் பூட்டு தானாத் திறந்துக்கிச்சா?"

படப்பைக்காரி தன் சின்ன மணிபர்சைத் திறந்து சாவியை எடுத்துக் காட்டினாள். "இதோ கீது. வெச்ச எடத்துலயே கீது. எங்கம்மா மேல சத்தியமா நான் தொடலைக்கா." அவள் குரல் உடைந்துவிட்டது. டீச்சரும் அழுதாள். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் எந்தச் சண்டைக்கும் தீர்ப்பு சொல்கிறவள் நான்.

அந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதும். என் சாவியும் அதைத் திறக்கும். ஐந்து வார்த்தை கூட இல்லை. வாய் வரைக்கும் வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன், தொண்டைக்குக் கீழேயே நின்றுவிட்டது. நான் சொன்னது வேறு.

"சரி விடுங்க, பெரிசு பண்ண வேணாம்." அதோடு நிறுத்தியிருக்கலாம். படப்பைக்காரி பக்கம் திரும்பி, "இனிமே இப்படி நடக்காம பாத்துக்கம்மா" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. கடைத்தெருவில் தெரிந்த ஆள் காணாத மாதிரி போனால் பார்ப்போமே, அப்படி.

சத்தம் கீழே கேட்டிருக்கிறது. மறுநாள் வீட்டுக்கார அம்மா மேலே வந்து, "அடுத்தவங்க பெட்டியைத் திறக்கிற பொண்ணெல்லாம் நம்ம வீட்டுக்கு ஒத்து வராதும்மா, மாசக் கடைசியோட கிளம்பச் சொல்லிடுங்க" என்றார். என்னிடம்தான் சொன்னார். நான்தான் அதைப் படப்பைக்காரியிடம் சொன்னேன். அதற்கும் எனக்கு வாய் இருந்தது.

பயம் பிடித்துக்கொண்டது. யாராவது ஒரு நாள் அவள் கையிலிருக்கும் சாவியை என் டிராயரில் போட்டுப் பார்த்தால்? ஆபீசிலிருந்து அரை நாள் லீவு போட்டுவிட்டு மறுபடி அதே கடைக்குப் போனேன். இந்த முறை நம்பரைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு, இரண்டு முறை பார்த்தேன். நாற்பத்திரண்டு.

வீட்டில் யாருமில்லை. டிராயரை உருவித் தரையில் வைத்து, நாக்கைப் பிடித்திருந்த சின்ன ஸ்க்ரூவைக் கழற்றினேன். நாக்கு வந்துவிட்டது. நட்டுதான் வரவில்லை. தச்சர் வட்டமாகத் துளைத்த வினை. ஸ்பானரைப் போட்டுத் திருப்பினால் நட்டோடு பூட்டும் சேர்ந்து சுற்றியது. ஒரு ஆள் முன்பக்கம் இறுக்கிப் பிடித்தால்தான் பின்பக்கம் கழலும். டிராயரை முழங்காலில் இடுக்கிக்கொண்டு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது படப்பைக்காரி வந்து நின்றாள். காலை ஷிப்டு இரண்டு மணிக்கு முடிந்துவிடும் என்பதை நான் மறந்தே போனேன்.

"இன்னாக்கா பண்றீங்க?"

"சாவி சிக்குது. அதான் மாத்திடலாம்னு."

அவள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, பூட்டின் முகத்தை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தாள். நாள் முழுக்கத் துணியை இழுத்துப் பிடிக்கிற விரல்கள். பூட்டு அசையவில்லை. "இப்போ திருப்புங்க" என்றாள். நட்டு கழன்றது. பின்னாலிருந்து தள்ளினேன். பூட்டு முழுசாக வெளியே வந்து அவள் உள்ளங்கையில் விழுந்தது.

அவள் அதை உடனே கீழே வைக்கவில்லை. மரத்தூளை ஊதினாள். ஒரு தடவை புரட்டிப் பார்த்தாள். அந்தப் பக்கத்தில்தான் நம்பர். நான் தலையைக் குனிந்துகொண்டு புதுப் பூட்டின் காகிதத்தைப் பிரித்தேன். அவள் மணிபர்ஸ் அவள் இடுப்பில்தான் செருகியிருந்தது.

பழைய பூட்டைத் தரையில் வைத்துவிட்டுப் புதியதை வாங்கித் துளையில் நுழைத்தாள். "இறுக்குங்கக்கா" என்றாள். இறுக்கினேன். "நாக்கு நேரா கீதா, போட்டுப் பாருங்க." போட்டுப் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. அவள் எழுந்துபோய்க் கொடியில் துணி எடுத்தாள். பார்த்தாளா, பார்க்கவில்லையா என்று தெரியாமல் அந்த மாதக் கடைசி வரைக்கும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. பழைய பூட்டை முடிச்சூர் ரோட்டுப் பக்கம் ஒரு குட்டையில் போட்டேன். தினமும் அவளைப் பார்க்கும்போதெல்லாம், இன்று சொல்லிவிடுவாள், சொல்லட்டும், தொலைந்தது என்றுகூட நினைத்தேன். அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்குப் பதிலாக அவளாவது சொல்லிவிட வேண்டும் என்று எதிர்பார்த்த என் யோக்கியதையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

டீச்சர் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். இரண்டு பேரும் ஒரே அறையில் முதுகைத் திருப்பிக்கொண்டு படுத்தார்கள். மொட்டை மாடியில் சிரிப்புச் சத்தம் இல்லை.

அவள் கிளம்பிய அன்று காலை டீச்சர் வேண்டுமென்றே சமையலறையில் இருந்தாள். படப்பைக்காரியிடம் ஒரு தகரப் பெட்டியும் ஒரு பையும்தான். பெட்டியின் ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன். அப்படியாவது ஏதோ செய்ததாக இருக்கட்டும் என்று. கீழே கேட்டுக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்தோம்.

"கம்பெனிக்கு எப்படிம்மா போவே?" என்று கேட்டேன். கேட்காமலாவது இருந்திருக்கலாம்.

"எங்கப்பா வேணாம்னுட்டாருக்கா. வூட்டுல இருன்னுட்டாரு." "இன்னா பேரு வாங்கிக்கினு திரும்பி வந்தேன்னு ஊருல கேப்பாங்கல்ல, அதான் அவருக்கு பேஜாரா கீது."

பிறகு மணிபர்சைத் திறந்து அந்தச் சாவியை எடுத்தாள்.

"டீச்சர் கைல கொடுத்தா வாங்க மாட்டாங்க. நீங்களே வெச்சிக்கங்க."

கையை நீட்டினேன். என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவளே மடக்கிவிட்டாள்.

"உங்க பழைய பூட்டுக்கும் இதே சாவிதாங்க்கா."

குரலை உயர்த்தவில்லை. ஷேர் ஆட்டோ எதுவும் அப்போது கிடையாது; ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் வந்தது. பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ஏறிவிட்டாள். கண்டக்டர் விசில் கொடுத்த பிறகும் நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னை அவள் காட்டிக்கொடுத்திருக்கலாம். மூன்று வாரம் நம்பர் அவள் கையில் இருந்தது. டீச்சருக்கு முன்னால் என் பெயரைச் சொல்லியிருந்தால் அவள் வேலை தப்பியிருக்கும். ஏன் சொல்லவில்லை என்று எனக்கு உண்மையாகவே தெரியாது. சத்தியம் பண்ணியும் நம்பாமல் போன சிநேகிதியிடம் நம்பரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டிருக்கலாம். இல்லை, நானாகச் சொல்வேன் என்று கடைசிப் படி வரைக்கும் காத்திருந்திருக்கலாம். இரண்டாவதாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன்.

மேலே ஏறினேன். அப்போதும் நேரம் இருந்தது. அடுத்த பஸ் பிடித்தால் தாம்பரத்தில் அவளைப் பிடித்துவிடலாம், படப்பை பஸ் அவ்வளவு சீக்கிரம் எடுக்க மாட்டான். டீச்சர் சமையலறை வாசலில் நின்றிருந்தாள், அழுதிருந்தாள். நான் கையைத் திறந்து சாவியைக் காட்டினேன். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

டீச்சர் அதைப் பார்த்துவிட்டு என் விரல்களை மடக்கினாள், கீழே படப்பைக்காரி மடக்கிய மாதிரியே.

"நீங்களே வெச்சுக்கோங்க அக்கா" என்றாள். "உங்ககிட்ட இருந்தாத்தான் எனக்கு நிம்மதி."

வைத்துக்கொண்டேன்.